இரண்டு மோட்டார்களில் எது நின்றாலும் தண்ணீர் நின்றுவிடும்: முதல் பழுது எப்போது வரும்?

ஆனைமலைத் தோப்பு

அனைவருக்கும் வணக்கம். ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. போர்வெல்லில் இறக்கியிருக்கும் நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரைத் தரைத்தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து ஒரு மோனோபிளாக் மோட்டார் அதைச் சொட்டுநீர்க் குழாய்களுக்குத் தள்ளுகிறது. இரண்டில் எது நின்றாலும் மரத்துக்குத் தண்ணீர் போகாது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விசாரித்த வரையில், பழுது பார்த்து இறக்கிய நீர்மூழ்கி மோட்டார் சராசரியாக 24 மாதமும் மோனோபிளாக் 36 மாதமும் ஓடுகின்றன.

இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்து ஓட்டத் தொடங்கினால், முதல் பழுது வருவதற்குச் சராசரியாக எத்தனை மாதம் ஆகும்? சிறிய எண் 24 என்பதால் 24 மாதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் அனுபவத்தில் அதற்கு வெகுமுன்பே ஏதாவது ஒன்று நின்றுவிடுகிறது. இன்னொரு கேள்வியும் உண்டு. அண்ணன் தோட்டத்தில் கிணற்றில் ஒரு மோட்டாரும் போரில் ஒரு மோட்டாரும் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று ஓடினாலே அவருக்குப் போதும். அவருக்கும் சராசரி 24, 36 என்றே வைத்துக்கொண்டால், இரண்டும் நின்று தண்ணீர் அற்றுப்போகும் நாள் எப்போது வரும்?

ஈரோடு மாணவி

வணக்கம் அண்ணா. நான் புள்ளியியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் கேள்வி இரண்டு ஆயுட்காலங்களின் சிறுமம், பெருமம் பற்றியது. ஒரு மாதத்தில் பழுதாகும் வீதம் முதல் மோட்டாருக்கு 1/24, இரண்டாவதற்கு 1/36. சிறுமத்துக்கு இரண்டு வீதங்களையும் கூட்ட வேண்டும்.

`1/24 + 1/36 = 5/72`

இதைத் தலைகீழாக்கினால் 72/5, அதாவது 14.4 மாதம். எந்த மோட்டாருக்கும் எந்த இயந்திரத்துக்கும் இதே சூத்திரம்தான். அண்ணன் தோட்டத்துக்கு இரண்டு நிகழ்ச்சிகளும் நடந்தாக வேண்டும் என்பதாலும், இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதாலும், நிற்கும் வாய்ப்பு எந்த நேரத்தில் எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டும் இரண்டு அடர்த்திச் சார்புகளையும் பெருக்கினால் பெருமத்தின் அடர்த்தி கிடைத்துவிடும்.

கோபி புள்ளியியல்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன்; கல்லூரியில் நெடுங்காலம் புள்ளியியல் கற்பித்தவன். மாணவி சொன்ன 14.4 ஒரு நிபந்தனையின் கீழ் மிகச் சரியான விடை. ஆனால் "எந்த மோட்டாருக்கும்" என்ற சொல்லும், அடர்த்திகளைப் பெருக்கலாம் என்ற கூற்றும் சரியல்ல. இரண்டாவது தவற்றை முதலில் பார்ப்போம்; பயிலும்போது பலர் இடறும் இடம் அது.

அம்மா, நீங்கள் சொன்னபடி பெருக்கிப் பாருங்கள். பழுதாகும் வீதம் மாறாதது என்று கொண்டதால், நீங்கள் எடுத்துக்கொண்டது அடுக்குக்குறிப் பரவல். `(1/24)e^(-t/24)` என்பதையும் `(1/36)e^(-t/36)` என்பதையும் பெருக்கினால் `(1/864)e^(-5t/72)` வரும். இதன் கீழுள்ள மொத்தப் பரப்பு 72/5-ஐ 864-ஆல் வகுத்தது, அதாவது 1/60. அடர்த்தி என்றால் அந்தப் பரப்பு 1 ஆக இருக்க வேண்டும். பெருக்கியது தவறு என்பதற்கு இந்த ஒரு சரிபார்ப்பே போதும். அலகைப் பார்த்தாலும் தெரியும்: அடர்த்தி "ஒரு மாதத்துக்கு இவ்வளவு" என்ற அலகில் நிற்பது, இரண்டைப் பெருக்கினால் மாதத்தின் வர்க்கம் வந்து நிற்கிறது. நீங்கள் பெருக்கியது இரண்டு மோட்டார்களும் ஒரே கணத்தில் நிற்பதைப் பற்றிய எண். இரண்டாவதாக ஒரு மோட்டார் நிற்கும் நேரத்தைப் பற்றியது அல்ல.

சரியான வழி, நாட்காட்டியில் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு யோசிப்பதுதான். முதல் பழுது சரியாக அந்த நாளில் வர வேண்டுமானால் என்ன நடந்திருக்க வேண்டும்? போர் மோட்டார் அன்று நின்றிருக்க வேண்டும், மோனோபிளாக் அன்றுவரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; அல்லது மோனோபிளாக் அன்று நின்று, போர் மோட்டார் அன்றுவரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் அதே நாளில் நிற்பதற்கான வாய்ப்பு, நாளைச் சுருக்கிக்கொண்டே போனால் மற்ற இரண்டைவிட வெகுவேகமாகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். ஆக, `f` என்பதை அடர்த்தி என்றும், `S` என்பதை அதுவரை ஓடிக்கொண்டிருப்பதற்கான நிகழ்தகவு என்றும், `F` என்பதை அதற்குள் நின்றுவிட்டதற்கான நிகழ்தகவு என்றும் கொண்டால்:

`f_min(t) = f1(t)·S2(t) + f2(t)·S1(t)`

அண்ணன் தோட்டத்தில் தண்ணீர் அற்றுப்போகும் நாளுக்கும் இதே யோசனைதான். ஒன்று அன்று நிற்க வேண்டும், மற்றது அதற்கு முன்பே நின்றுபோயிருக்க வேண்டும்.

`f_max(t) = f1(t)·F2(t) + f2(t)·F1(t)`

இந்த இரண்டு வரிகளையும் கூட்டிப் பாருங்கள். ஓடுவதும் நின்றுவிட்டதும் சேர்ந்தால் 1 என்பதால், வலப்பக்கம் `f1 + f2` மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே சிறுமத்தின் சராசரியும் பெருமத்தின் சராசரியும் சேர்ந்தால் எப்போதும் 24 + 36 = 60 மாதம்தான். உங்களுக்கு முதல் பழுது 14.4 மாதம் என்றால், அண்ணன் தோட்டத்துக்கு 45.6 மாதம்.

ஆனைமலைத் தோப்பு

மிக்க நன்றி ஐயா. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இரண்டு மோட்டார்களில் மோசமானதற்கே சராசரி 24 இருக்கும்போது, அதைவிட நல்ல மோட்டார் ஒன்றைச் சேர்த்ததால் 14.4-க்கு எப்படி இறங்குகிறது?

கோபி புள்ளியியல்

நல்ல மோட்டாரைச் சேர்த்தது உங்களுக்கு உதவிக்கு வரவில்லை, நிற்பதற்கு இன்னொரு காரணமாகத்தான் வந்திருக்கிறது. போர் மோட்டாரின் சராசரி 24 என்பதில், 50, 60 மாதம் ஓடிய மோட்டார்களும் அடக்கம். அப்படி நெடுநாள் ஓடிய ஒவ்வொரு முறையும், நடுவில் மோனோபிளாக் நின்று உங்கள் கணக்கை வெட்டிவிடுகிறது. குறைந்த நாள் ஓடிய மோட்டாரின் குறை அப்படியே நிற்கிறது. நெடுநாள் ஓடியதன் மிகுதி மட்டும் வெட்டுப்படுகிறது. ஆகவே முதல் பழுதின் சராசரி 24-ஐத் தாண்டவே முடியாது. 24-ஐத் தொட வேண்டுமானால், போர் மோட்டார் ஒருமுறைகூட மோனோபிளாக்குக்குப் பின்னால் நிற்கக் கூடாது.

மாணவி எடுத்துக்கொண்ட பரவலில் போர் மோட்டார் முந்தி நிற்பதற்கான நிகழ்தகவு 3/5. மோனோபிளாக் முந்துவது 2/5. "நல்ல மோட்டார்" ஐந்துக்கு இரண்டு முறை முதலில் நின்றுவிடுகிறது.

ஈரோடு மாணவி

பெருக்கியது தவறு என்பது இப்போது தெளிவாகப் புரிகிறது ஐயா. பத்து லட்சம் முறை போலியாக ஓட்டிப் பார்த்தேன்.

```
import numpy as np
r = np.random.default_rng(1)
n = 1_000_000
a = r.exponential(24, n)
b = r.exponential(36, n)
lo, hi = np.minimum(a, b), np.maximum(a, b)
print(lo.mean(), hi.mean(), (lo < 12).mean())
```

14.4, 45.6, 0.565 ஆகியவற்றை ஒட்டியே விடைகள் வருகின்றன. ஓராண்டுக்குள் ஏதாவது ஒன்று நின்றுவிட 56.5 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அண்ணா சொன்ன அனுபவத்தோடு இது பொருந்துகிறது.

சோமனூர் தறிக்காரர்

இந்தக் கணக்கு எனக்கும் தேவைப்படுவதால் நடுவில் நுழைகிறேன். என் கொட்டகையில் 24 விசைத்தறிகள் ஓடுகின்றன. ஊடிழையைக் கொண்டுபோகும் நாடாவைத் தட்டிவிடும் பிக்கர் என் தறிகளில் சராசரியாக 10 மாதம் உழைக்கிறது. நீங்கள் சொல்வதுபோல வீதத்தைக் கூட்டினால் 10/24 மாதம், ஏறத்தாழ 12 அல்லது 13 நாளுக்கு ஒரு பிக்கர் தேய்ந்துபோக வேண்டும். நடப்பும் அப்படித்தான் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டோ மூன்றோ மாற்றுகிறோம். ஆகவே முதல் பழுதுக்கான நேரம் என்பது இந்த 12 நாள் இடைவெளிதானே?

கோபி புள்ளியியல்

ஐயா, நீங்கள் கேட்பது வேறு கேள்வி. ஆனால் அதை இங்கே கொண்டுவந்தது நல்லதாயிற்று. உங்கள் கொட்டகையில் பிக்கர்கள் வெவ்வேறு வயதில் இருக்கின்றன: ஒன்று போன வாரம் மாட்டியது, இன்னொன்று எட்டு மாதம் ஓடியது. அப்படிக் கலந்து ஓடும் கொட்டகையில் நெடுங்கால இடைவெளி 10/24 மாதம் என்பது, ஆயுட்காலம் எந்தப் பரவலில் இருந்தாலும் பொருந்தும். தோப்புக்காரர் கேட்டது அதுவல்ல. எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக வைத்துத் தொடங்கினால் முதலாவது எப்போது நிற்கும் என்பதே அவருடைய கேள்வி.

எத்தனை பிக்கர்களானாலும் இந்த இரண்டும் ஒரே எண்ணாக வருவது அடுக்குக்குறிப் பரவலில் மட்டுமே. ஏனென்றால் அந்தப் பரவலுக்கு வயது தெரியாது. எட்டு மாதம் ஓடிய பிக்கரும் இன்று மாட்டிய பிக்கரும் நாளை போவதற்கு ஒரே வாய்ப்பு உடையவை என்று அது சொல்கிறது. தட்டித் தட்டித் தேயும் பொருளை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்ப்பவர் நீங்கள், இதை ஒப்புக்கொள்வீர்களா?

சோமனூர் தறிக்காரர்

ஒப்புக்கொள்ள மாட்டேன். புதுப் பிக்கரில் நாடாவின் முனை படும் இடம் வழவழப்பாக இருக்கும். நாள் ஆக ஆக அதே இடத்தில் குழி விழும். குழி ஆழமானால் நாடா நேராகப் போகாமல் பிசகத் தொடங்கும். அதைக் கண்டதும் மாற்றிவிடுவோம். மாட்டிய முதல் வாரத்தில் பிக்கர் போவது அரிதினும் அரிது.

கோபி புள்ளியியல்

நீங்கள் கண்ட குழிதான் நான் சொல்ல வந்ததும். வயது ஏற ஏறப் பழுதாகும் வீதம் ஏறினால், வெய்புல் பரவல் பொருத்தமாக இருக்கும். சுவீடனைச் சேர்ந்த வலோடி வெய்புல் 1951-இல் வெளியிட்ட கட்டுரையின் வழியாகப் பொறியாளர்களிடையே பரவிய பரவல் அது. அதில் வடிவ அளவை என்று ஓர் எண் உண்டு. அது 1 என்றால் அடுக்குக்குறிப் பரவலே. 2 என்றால் பழுதாகும் வீதம் வயதோடு நேர்விகிதத்தில் ஏறும்.

ஒரே மாதிரியான n பொருள்களில் முதலாவது பழுதாகும் சராசரி நேரம், வடிவ அளவை 1 என்றால் ஒற்றைப் பொருளின் சராசரியை n-ஆல் வகுத்தது. வடிவ அளவை 2 என்றால் n-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. 24-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.9. ஆகவே 24 பிக்கர்களையும் ஆயுத பூஜை அன்று ஒருசேரப் புதிதாக மாட்டினால், முதல் பிக்கர் போவதற்கு 12 நாள் அல்ல, சராசரியாக 2 மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்தைக் கண்டு, இந்த முறை வாங்கிய சரக்கு உயர்ந்த சரக்கு என்று முடிவுகட்டினால் பின்னால் ஏமாற வேண்டியிருக்கும். வயதுகள் கலந்த பிறகு இடைவெளி மீண்டும் 12, 13 நாளுக்கே வந்து நிற்கும்.

இப்போது தோப்புக்காரரின் கணக்குக்குத் திரும்புவோம். சராசரிகள் அதே 24, 36. இரண்டுக்கும் வடிவ அளவை 2 என்று மட்டும் மாற்றிக்கொள்வோம். அப்போது முதல் பழுதின் சராசரி:

`24*36 / sqrt(24^2 + 36^2) = 864 / 43.27 ≈ 20`

14.4 மாதம் 20 மாதமாகிவிட்டது. ஓராண்டுக்குள் ஏதாவது ஒன்று நிற்பதற்கான வாய்ப்பு 56.5 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 25 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. இரண்டு சராசரிகளும் மாறவில்லை. அவற்றைச் சுற்றிய சிதறல்தான் சுருங்கியிருக்கிறது. ஆகவே சராசரிகளை மட்டும் கொடுத்துவிட்டு முதல் பழுது எப்போது என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மாணவி சொன்ன சூத்திரம் எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தாது என்று நான் சொன்னதன் காரணம் இது.

உடுமலை ரீவைண்டிங்

உடுமலையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கில் எனக்குப் பழக்கம் இல்லை, மோட்டார் எதனால் போகிறது என்பது தெரியும். ஐயா சொல்லும் தேய்மானம் புஷ்ஷுக்கும் திரஸ்ட் பேரிங்குக்கும் பொருந்தும். காயில் எரிவது அப்படியல்ல. மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போனாலும், வோல்டேஜ் இறங்கினாலும், போரில் தண்ணீர் கீழே போய் மோட்டார் வெற்றாக ஓடினாலும், போன மாதம் கட்டிய காயிலும் எரியும், மூன்று வருடக் காயிலும் எரியும். என்னிடம் வரும் மோட்டார்களில் எரிந்து வருவதே அதிகம். அதனால் மாணவி சொன்ன கணக்குத்தான் மோட்டாருக்கு நெருக்கம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் எல்லாரும் இரண்டு மோட்டார்களையும் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்லிக்கொண்டே போகிறீர்கள். தோப்பில் இரண்டும் ஒரே சர்வீஸ் கம்பத்திலிருந்து வரும் கரண்டில் ஓடுகின்றன. சித்திரை மாதத்து இடிமழையில் ஒரு பேஸ் விட்டுப்போனால், அன்று ஓடிக்கொண்டிருந்த இரண்டும் சேர்ந்தே எரியும். ஒரே தோட்டத்திலிருந்து ஒரே வண்டியில் இரண்டு மோட்டார்கள் வந்திறங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோபி புள்ளியியல்

காயிலைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுதும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. சூட்டில் சூட்டில் காப்புப் பூச்சு தளர்ந்து, பழைய காயில் சிறிய வோல்டேஜ் ஏற்றத்தையும் தாங்காமல் போகிறது. அதுவும் ஒருவகை முதுமைதான். வடிவ அளவை 1-க்கும் 2-க்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று கருதுகிறேன்.

ஆனால் ஒரே கம்பம் என்ற உங்கள் கருத்து, நான் முதலில் எழுதிய சூத்திரத்தின் அடித்தளத்தையே தொடுகிறது. இரண்டும் ஒரே நாளில் நிற்பதைப் புறக்கணிக்கலாம் என்று எழுதினேன். பொதுவான காரணம் ஒன்று இருந்தால் அது புறக்கணிக்கத் தக்கது அல்ல. மார்ஷல், ஓல்கின் என்ற இருவர் 1967-இல் இந்த நிலைக்கென்றே ஒரு மாதிரியை வகுத்தார்கள். போர் மோட்டாரை மட்டும் தாக்கும் அதிர்ச்சி ஒன்று, மோனோபிளாக்கை மட்டும் தாக்குவது ஒன்று, இரண்டையும் சேர்த்துத் தாக்குவது ஒன்று எனத் தனித்தனியான மூன்று அதிர்ச்சிகளை அது கொள்கிறது.

பொது அதிர்ச்சி சராசரியாக 72 மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். 24, 36 என்ற தனிச் சராசரிகள் மாறக் கூடாது. போர் மோட்டாரின் மொத்த வீதம் 3/72. அதில் 1/72 பொது அதிர்ச்சியால் வருவது, மீதி 2/72 அதற்கே உரியது. மோனோபிளாக்கின் மொத்த வீதம் 2/72. அதில் 1/72 அதற்கே உரியது. மூன்று அதிர்ச்சிகளில் எது முதலில் வந்தாலும் அதுவே முதல் பழுது.

`2/72 + 1/72 + 1/72 = 4/72`

முதல் பழுதின் சராசரி 18 மாதம்.

ஈரோடு மாணவி

ஐயா, இதில் கூட்டல் பிழை இருக்கிறதோ என்று ஐயப்படுகிறேன். இடிமழை என்ற புதிய ஆபத்தைச் சேர்த்த பிறகு, முதல் பழுது 14.4-இலிருந்து 18-க்குத் தள்ளிப்போவது எப்படி?

கோபி புள்ளியியல்

பிழை இல்லை அம்மா. நாம் ஆபத்தைப் புதிதாகச் சேர்க்கவில்லை. தோப்புக்காரர் விசாரித்த 24, 36 என்ற எண்களுக்குள் இடிமழையால் எரிந்தவையும் ஏற்கெனவே இருக்கின்றன. முன்பு இரண்டு வெவ்வேறு நாள்களில் நிகழ்ந்ததாகக் கொண்ட இரண்டு பழுதுகளை, இப்போது ஒரே நாளில் சேர்த்துவைக்கிறோம். பழுது வரும் நாள்களின் எண்ணிக்கை குறைவதால் முதல் நாள் தள்ளிப்போகிறது. அப்படி வரும் முதல் பழுதில் நான்கில் ஒரு பங்கு, இரண்டு மோட்டார்களையும் ஒன்றாக வீழ்த்துவதாக இருக்கும்.

சிறுமமும் பெருமமும் சேர்ந்தால் இரண்டு ஆயுள்களும் சேர்ந்ததற்குச் சமம் என்பது, சார்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாது. ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களில் ஒன்று சிறியது, மற்றது பெரியது, அவ்வளவுதான். ஆகவே பெருமத்தின் சராசரி 60 − 18 = 42. ஒன்றையொன்று சாராதவை என்று கொண்ட கணக்கு, தோப்புக்காரருக்கு இருப்பதைவிட மோசமான எண்ணைச் சொன்னது. அவருடைய அண்ணனுக்கோ இருப்பதைவிட நல்ல எண்ணைச் சொன்னது. மாற்று மோட்டாரை நம்பியிருப்பவர்தான் ஒரே கம்பத்தைக் கண்டு அஞ்ச வேண்டும்.

ஆனைமலைத் தோப்பு

அண்ணனிடம் இதைக் காட்டினேன். அவருடைய கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் ஒரே ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்துதான் ஓடுகின்றன. இரண்டுக்கும் தனித்தனியே சிங்கிள் பேஸ் தடுப்பான் வைப்பதாகச் சொல்கிறார். என்னுடைய 24, 36 பற்றி ஒரு ஐயம் இருக்கிறது. அவை பழுதாகிப் பட்டறைக்குப் போன மோட்டார்களைப் பற்றி மற்றவர்கள் சொன்ன நாள்கள். இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பவை அந்தக் கணக்கில் வரவில்லை.

கோபி புள்ளியியல்

அப்படியானால் உங்கள் இரண்டு சராசரிகளும் உண்மையைவிடக் குறைவாக இருக்கின்றன. அடுக்குக்குறிப் பரவல் என்று கொண்டால் திருத்துவது எளிது: ஓடிக்கொண்டிருப்பவை உட்பட எல்லா மோட்டார்களும் இதுவரை ஓடிய மாதங்களைக் கூட்டி, நின்றுபோன எண்ணிக்கையால் மட்டும் வகுக்க வேண்டும். வடிவ அளவையும் வேண்டுமென்றால் ஒவ்வொரு மோட்டாரின் வயதும் தனித்தனியே தேவைப்படும். உடுமலை ஐயாவின் பட்டறை நோட்டில், காயில் கட்டிக் கொடுத்த தேதி ஒவ்வொன்றுக்கும் இருக்கிறதா?

உடுமலை ரீவைண்டிங்

கட்டிக் கொடுத்த தேதியும் ஊர்ப் பெயரும் இருக்கின்றன. திரும்பி வராத மோட்டார் இன்னும் ஓடுகிறதா, வேறு பட்டறைக்குப் போய்விட்டதா என்பது நோட்டில் தெரியாது. ஆனைமலைப் பக்கத்துப் பெயர்களை மட்டும் தனியே எழுதித் தருகிறேன். தோப்புக்காரர் போய்க் கேட்டுவரட்டும்.